'தன்னை' என்றால் யாரை?

"மேலாளர் தன்னை மிரட்டியதாகக் கணக்காளர் புகார் கொடுத்தார்." நாளிதழ்களில் இந்த வார்ப்பில் வராத செய்தி இல்லை. மிரட்டப்பட்டவர் யார் என்று கேட்டால் யாரும் யோசிக்கமாட்டார்கள், கணக்காளர்தான். ஆனால் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். 'தன்னை' என்ற சொல்லுக்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்பவர் மேலாளர். கணக்காளர் இன்னும் வாக்கியத்துக்குள் வரவே இல்லை. பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, இனிமேல் வரப்போகிறவரிடம் 'தன்னை' எப்படிப் போய் ஒட்டிக்கொண்டது?

யாரும் தன்னைத்தானே மிரட்டமாட்டார்கள், அந்தப் பொது அறிவுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் இரண்டு பொருளுக்கும் இடம்கொடுக்கும் வினையைப் போட்டுப் பார்க்கலாம். தன்னையும் புகழலாம், பிறரையும் புகழலாம்.

"கவிஞர் தன்னைப் புகழ்ந்ததாகப் பேராசிரியர் சொன்னார்."

"கவிஞர் தன்னைப் புகழ்ந்துகொண்டதாகப் பேராசிரியர் சொன்னார்."

முதல் வாக்கியத்தில் புகழ் பேராசிரியருக்கு. இரண்டாவதில் கவிஞர் சுயபுராணம் பாடியிருக்கிறார். பெயர்களும் வரிசையும் மாறவில்லை, 'தன்னை'யும் அதே இடத்தில் இருக்கிறது. வினையோடு 'கொள்' சேர்ந்தது, ஆள் மாறிவிட்டார். 'தன்னை'யை எடுத்துவிட்டு 'அவரை' என்று போட்டால் கதை இன்னொரு பக்கம் போகும். "கவிஞர் அவரைப் புகழ்ந்ததாகப் பேராசிரியர் சொன்னார்" என்றால், வேறு யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு என்றே முதலில் தோன்றும். சற்று இழுத்துப் பிடித்தால் பேராசிரியரையும் குறிக்கலாம். என்ன செய்தாலும் கவிஞரைக் குறிக்காது.

இதையெல்லாம் பள்ளியில் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. 'தன்', 'அவன்' போன்ற சொற்கள் யாரைக் குறிக்கலாம், யாரைக் குறிக்கவே முடியாது என்று வரையறுக்கும் மொழியியல் பகுதிக்குப் பிணைப்புக் கோட்பாடு என்று பெயர். நோம் சாம்ஸ்கி 1979இல் இத்தாலியின் பீசா நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அதற்கு ஓர் உருவம் கொடுத்தார். 1981இல் அவை நூலாக வந்தன. அதற்கு முன்பே, 1963இல், லீஸ், கிளைமா என்ற இருவர் ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' எப்போது வரும், வெறும் 'ஹிம்' எப்போது வரும் என்று விதி எழுதிப் பார்த்திருந்தார்கள். சாம்ஸ்கி அந்தத் துண்டுகளையெல்லாம் மூன்று நிபந்தனைகளாகச் சுருக்கினார்.

முதலாவது, 'ஹிம்செல்ஃப்' போன்ற தற்சுட்டுச் சொல் தன் ஆளைத் தான் இருக்கும் சிறு வாக்கியத்துக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 'அவன்', 'அவள்' போன்ற சுட்டுப்பெயருக்கு அந்தச் சிறு வாக்கியத்துக்குள் ஆள் இருக்கக்கூடாது. வெளியே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்றாவது, 'குமார்' போன்ற முழுப்பெயர், தன்னையே குறிக்கும் இன்னொரு சொல்லின் ஆளுகைக்குள் எங்கும் வரக்கூடாது.

இந்த 'ஆளுகை' என்னவென்று தெரியாமல் மேலே போக முடியாது. "அவன் குமாரின் அம்மாவைப் பார்த்தான்" என்ற வாக்கியத்தில் அவனும் குமாரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. "அவனுடைய அம்மா குமாரைத் திட்டினாள்" என்பதில் இருக்கலாம்; தன் பிள்ளையைத்தான் அந்த அம்மா திட்டியிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. இரண்டிலும் 'அவன்' முன்னால், 'குமார்' பின்னால். ஆகவே எது முந்தி வருகிறது என்பதில் விஷயம் இல்லை. டான்யா ரைன்ஹார்ட் 1976இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைத் தெளிவாக்கினார். வாக்கியம் என்பது மணிகோத்த சரம் அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக அறைகள் வைத்துக் கட்டிய வீடு. முதல் வாக்கியத்தில் 'அவன்' எழுவாயாகக் கூடத்தில் நிற்கிறான். அவன் குரல் வீடு முழுக்கக் கேட்கும். இரண்டாவதில் 'அவன்' என்பது 'அவனுடைய அம்மா' என்ற அறைக்குள் அடைபட்டிருக்கிறது; அதன் குரல் கதவைத் தாண்டாது. குரல் எட்டும் தூரம்தான் ஆளுகை. மொழியியலாளர்கள் இதை 'சி-கமாண்ட்' என்பார்கள்.

இதே அளவுகோலால் தற்சுட்டையும் சோதிக்கலாம். "முருகனின் அண்ணன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்." திட்டு வாங்கியது அண்ணன் மட்டுமே. முருகன் 'முருகனின் அண்ணன்' என்ற அறைக்குள் இருப்பதால் 'தன்னை'க்கு அவன் எட்டமாட்டான்.

இரண்டாவது நிபந்தனையைப் பற்றி ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் அது வெகு நாள் தடுமாறுகிறது. சியென், வெக்ஸ்லர் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இது. அம்மாக் கரடி தன்னையே தொட்டுக்கொண்டிருக்கும் படத்தைக் காட்டி, "அம்மாக் கரடி அவளைத் தொடுகிறதா?" என்று கேட்டார்கள். பெரியவர்கள் இல்லை என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய பாதித் தடவை ஆமாம் என்றார்கள். விதி இன்னும் மண்டைக்குள் போகவில்லை என்று முடிவுகட்டிவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு கரடியும் தன்னையே தொடும் படத்தைக் காட்டி, "ஒவ்வொரு கரடியும் அவளைத் தொடுகிறதா?" என்று கேட்டபோது அதே வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே இல்லை என்று சொன்னார்கள்.

விதி தெரியாத குழந்தை இரண்டிலும்தானே தவற வேண்டும்? ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது. 'ஒவ்வொரு கரடி' என்பது குறிப்பிட்ட எந்தக் கரடியின் பெயரும் அல்ல. அதோடு 'அவள்' சேர வேண்டுமானால் இலக்கணம் போடும் முடிச்சு வழியாகத்தான் சேர முடியும். அந்த முடிச்சை விதி தடுக்கிறது, குழந்தைக்கும் அது தெரிந்திருக்கிறது. 'அம்மாக் கரடி' விஷயத்தில் வேறு வழி ஒன்று திறந்திருக்கிறது. அந்தப் பெயரும் 'அவள்' என்ற சொல்லும், முடிச்சே இல்லாமல், தற்செயலாக ஒரே கரடியைச் சுட்டலாம். அப்படிச் சுட்டுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் பேச்சுப் பழக்கத்தில் தேர்ந்துதான் கற்க வேண்டும். கோட்பாட்டின் பெயரில் 'பிணைப்பு' என்ற சொல் இருப்பது இதனால்தான். ஒரே ஆளைக் குறிப்பது வேறு, பிணைக்கப்படுவது வேறு.

தமிழுக்குத் திரும்புவோம். முதல் நிபந்தனையை நம் கவிஞர் வாக்கியத்தில் வைத்தால் உடனே இடிக்கிறது. 'கவிஞர் தன்னைப் புகழ்ந்ததாக' என்பதே சிறு வாக்கியம். 'தன்னை' உள்ளே இருக்கும் கவிஞரைத்தான் பிடிக்க வேண்டும். அதுவோ அவரைத் தாண்டி வெளியே போய்ப் பேராசிரியரைப் பிடிக்கிறது. 'தான்' ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' போன்றது என்று நினைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர்கள் இடறி விழும் இடமும் இதுதான்.

வெளியே போகலாம் என்பது மட்டுமல்ல, உள்ளே தங்கவே அதற்குச் சிரமம். "ராமன் தன்னை அடித்தான்" என்று யாராவது சொன்னால், ராமன் வேறு யாரையோ அடித்த கதையின் பாதி வாக்கியம்போல் காதில் விழுகிறது. 'என்று சோமு சொன்னான்' என்று தொடரும் எனக் காத்திருக்கிறோம். "ராமன் தன்னை அடித்துக்கொண்டான்" என்றால் காத்திருப்பு இல்லை. மலையாளத்திலும் 'தான்' என்ற சொல்லுக்கு இந்தக் குணம் உண்டு என்று கே.பி. மோகனன் காட்டியிருக்கிறார். தெற்காசிய மொழிகளின் தற்சுட்டுகளைப் பற்றி 2000இல் வந்த பெரிய தொகுப்பு நூல் ஒன்றில் தமிழைப் பற்றி எழுதியவர் இ. அண்ணாமலை. ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்து அளந்தால் விதிவிலக்காகத் தெரிவது, இந்தப் பக்கத்து மொழிகளில் அன்றாட நடப்பு.

அப்படியானால் உள்ளே தங்குவதற்கு 'கொள்' என்ன உதவி செய்கிறது? என் கணிப்பில் இதற்கு நல்ல விடை தமிழைப் பற்றிய நூலில் இல்லை, டச்சு மொழியைப் பற்றிய ஆய்வில்தான் இருக்கிறது. ரைன்ஹார்ட்டும் எரிக் ராய்லண்டும் 1993இல் எழுதிய கட்டுரை, நிபந்தனையைப் பெயர்ச்சொல்லின் தலையிலிருந்து இறக்கி வினையின் தலையில் வைத்தது. அடிப்பது என்றால் அடிப்பவர் ஒருவர், அடிபடுபவர் ஒருவர் என்பதே வினையின் இயல்பான அமைப்பு. இரண்டு இடத்திலும் ஒரே ஆள் வந்தால் அது வழக்கத்துக்கு மாறானது. அதற்கு எங்காவது ஒரு முத்திரை விழ வேண்டும். டச்சில் குளிப்பது, கழுவுவது போன்ற வினைகளுக்கு அந்த முத்திரை பிறவியிலேயே உண்டு. அதனால் 'ஸிக்' என்ற சின்னத் தற்சுட்டு போதும். வெறுப்பது போன்ற வினைக்கு அது இல்லை. அங்கே 'ஸிக்ஸெல்ஃப்' என்ற பெரிய தற்சுட்டு வந்து முத்திரை இடுகிறது.

தமிழில் இரண்டு வழியும் இருக்கின்றன. வினையில் முத்திரை இட்டால் 'அடித்துக்கொண்டான்'. பெயரில் இட்டால் 'தன்னைத்தானே'. இரண்டையும் சேர்த்தே இடுவதும் நம் வழக்கம். இந்தப் பார்வையில் இன்னொரு புதிரும் அவிழ்கிறது. "ராமன் தன் வீட்டை விற்றான்" என்ற வாக்கியத்தில் 'கொள்' எங்கே? தேவையில்லை. விற்பவன் ராமன், விற்கப்படுவது வீடு. வினையின் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு பொருள்கள். 'தன்' வீட்டுக்கு அடைமொழியாக ஒதுங்கி நிற்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்தைப் பிடிக்காததால் முத்திரைக்கு வேலை இல்லை.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் சுத்தமாக வரவு வைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'எடுத்துக்கொண்டான்', 'படுத்துக்கொண்டான்', 'பார்த்துக்கொள்' என்று 'கொள்' ஊரெல்லாம் சுற்றுகிறது. செயலின் பலன் செய்தவனிடமே திரும்புகிறது என்பதுதான் அதன் பொதுப்பொருள். தற்சுட்டு அதில் ஒரு பகுதி. மறுபக்கம், மனம் சார்ந்த வினைகள் 'கொள்' இல்லாமலும் நிற்கும். "அவள் தன்னையே வெறுத்தாள்" என்பதில் யாருக்கும் குறை தெரிவதில்லை. 'தன்னை அறிந்தவன்' என்ற தொடரிலும் அப்படியே.

'தான்' வெளியே போகும்போது யாரிடம் போகிறது என்பது அடுத்த கேள்வி. "செல்வி கலாவிடம் தன் பையைக் கொடுத்தாள்" என்றால் பை செல்வியுடையது. கலா மறந்துவைத்துவிட்டுப் போன பையைச் செல்வி திருப்பிக் கொடுத்திருந்தால் 'அவள் பையை' என்றோ 'கலாவின் பையை அவளிடம்' என்றோதான் சொல்ல வேண்டும். ஆகவே 'தான்' எழுவாயை நாடுகிறது என்று விதி எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் "குமாருக்குத் தன் மேலேயே கோபம்" என்ற வாக்கியத்தில் குமார் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். பள்ளி இலக்கணப்படி எழுவாய் 'கோபம்'. 'தன்' கோபத்தைத் தேடிப் போகவில்லை. கோபம் யார் மனசில் இருக்கிறதோ அவரைத் தேடிப் போயிருக்கிறது.

இங்கே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு துணை கிடைக்கிறது. கானாவிலும் டோகோவிலும் பேசப்படும் எவே மொழியில், ஒருவர் சொன்னதையோ நினைத்ததையோ எடுத்துச் சொல்லும்போது, சொன்னவரையே குறிக்க 'யே' என்று தனிச்சொல் உண்டு. 'கோஃபி தான் கிளம்பியதாகச் சொன்னான்' என்பதற்கு 'யே'. வேறொருவன் கிளம்பியதாக அவன் சொன்னால் சாதாரணச் சுட்டுப்பெயர். கிளெமென்ட்ஸ் 1975இல் இதை விரிவாக எழுதினார். அதற்கு ஓராண்டு முன் அஜேழ் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். 'பேச்சுக்கு உரியவரைச் சுட்டுவது' என்று அதைத் தமிழில் சொல்லலாம். யார் கண்ணால் பார்த்துச் சொல்லப்படுகிறதோ அவரைக் காட்டும் சொல். நம் 'தான்' வெளியே போகும்போதெல்லாம் இந்த வேலையைத்தான் செய்கிறது. பேராசிரியர் சொல்கிறார், நாம் அவர் வாயால் கேட்கிறோம். அந்தச் செய்திக்குள் 'தன்னை' வந்தால் சொல்பவரிடம் போய்ச் சேருவது இயல்பு.

இதற்கு வலுவான சாட்சி ஒன்று நம் வினைமுற்றிலேயே ஒளிந்திருக்கிறது. "குமார், தான் வரமாட்டேன் என்று சொன்னான்." நாள்தோறும் பேசும் வாக்கியம். எழுவாய் 'தான்', படர்க்கை. பயனிலை 'வரமாட்டேன்', தன்மை. இலக்கண ஆசிரியர் பார்த்தால் இட வழு என்று சிவப்பு மையால் வட்டம் போடுவார். போடுவது பாவம். குமார் அன்று சொன்னது 'நான் வரமாட்டேன்'. நாம் எடுத்துச் சொல்லும்போது 'நான்' மட்டும் 'தான்' ஆகியிருக்கிறது, வினை குமாரின் வாயிலிருந்து வந்தபடியே நிற்கிறது.

அப்படியானால் இது அரைகுறை மேற்கோள்தானா? சோதிக்க ஒரு வழி இருக்கிறது. "குமார், தான் யாரைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொன்னான்?" என்று நான் உங்களைக் கேட்கலாம். கேள்வி என்னுடையது, குமார் எதையும் கேட்கவில்லை. அவனுடைய பேச்சு மேற்கோள் குறிக்குள் பூட்டப்பட்டிருந்தால் என் 'யாரை' அதற்குள் நுழைந்திருக்க முடியாது. நுழைகிறது, 'வருவேன்' அப்போதும் தன்மையிலேயே இருக்கிறது. நார்வேயின் ட்ரோம்சோ பல்கலைக்கழக ஆய்வில் தொடங்கி சந்தியா சுந்தரேசன் இந்தத் தமிழ் வாக்கியங்களை விரிவாக ஆராய்ந்து, 'தான்' என்பது ஒரு பார்வைக் கோணத்துக்குக் கட்டுப்பட்ட சொல் என்று வாதிட்டிருக்கிறார். (இதே வாக்கியத்தில் இடைவெளி விடாமல் 'குமார்தான்' என்று எழுதிவிட்டால், வேறு யாரும் இல்லை, குமார் என்பவன்தான் வர மறுத்தான் என்று ஆகிவிடும். அந்தத் 'தான்' வேறு. அச்சுக்கோப்பவர் கையில் இருக்கும் அதிகாரம் சாதாரணமானது அல்ல.)

தன்மையிலும் முன்னிலையிலும் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 'நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்', 'அவர் என்னைப் பார்த்தார்' இரண்டுக்கும் 'என்னை' ஒன்றே போதும். பேசுகிறவர் ஒருவர்தானே, யார் என்ற குழப்பத்துக்கு இடமில்லை. படர்க்கையில்தான் உலகத்தில் உள்ள மற்ற அத்தனை பேரும் இருக்கிறார்கள். அங்கேகூடப் பழைய ஆங்கிலம் தனித் தற்சுட்டு இல்லாமல் காலம் தள்ளியது. 'ஹிம்' என்ற ஒரே சொல் அவனையும் குறித்தது, தன்னையும் குறித்தது. 'செல்ஃப்' பிறகுதான் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

'தான்' வெளியே போகலாம் என்று ஆனபின், எத்தனை வாசல் தாண்டிப் போகலாம் என்பதற்கு வரம்பு இல்லை. அங்கேதான் வம்பு. "மணி தன்னை ஏமாற்றிவிட்டதாகச் செல்வம் சொன்னதாக வேலு சாட்சி சொன்னார்." ஏமாந்தது யார்? மணி இல்லை, அது உறுதி. 'கொள்' இல்லை, 'தானே' இல்லை. செல்வமாக இருக்கலாம், செல்வத்தின் பேச்சுக்குள் இருப்பதால். வேலுவாகவும் இருக்கலாம், முழுப் பேச்சும் வேலுவுடையது என்பதால். பெரும்பாலோர் செல்வத்தை எடுத்துக்கொள்வார்கள். வேலு என்று படிப்பவரைத் தவறு என்று சொல்ல இலக்கணத்தில் இடமில்லை. செல்வத்தை 'செல்வி' ஆக்கினாலும் தீராது. 'தன்'னுக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. பன்மை ஆக்கினால் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வரும். ஏமாந்தவர்கள் பலர் என்றால் 'தங்களை' என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கு ஆவணம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். "மனுதாரர், எதிர்மனுதாரர் மனுதாரரை ஏமாற்றியதாகக் கூறுகிறார்." ஒரே வாக்கியத்தில் 'மனுதாரர்' இரண்டு முறை, அதுவும் முதலாமவரின் ஆளுகைக்குள் இரண்டாமவர். மூன்றாம் நிபந்தனையை நேருக்கு நேர் மீறும் வாக்கியம் இது. வீட்டில் யாராவது "குமார், ராஜு குமாரை ஏமாற்றியதாகச் சொல்கிறான்" என்றால் இரண்டு குமார்கள் இருக்கிறார்களா என்று கேட்போம். ஆனால் அந்த மூன்றாம் நிபந்தனையே எல்லா மொழியிலும் ஒரே இறுக்கத்தோடு இருப்பதில்லை. தாய்லாந்து மொழியில் 'ஜான், ஜான் கெட்டிக்காரன் என்று நினைக்கிறான்' என்ற அமைப்பில் இருவரும் ஒரே ஜானாக இருக்கலாம் என்று ஹோவர்ட் லாஸ்னிக் காட்டினார். அங்கேயும் 'அவன்' என்று தொடங்கி அதன் ஆளுகைக்குள் 'ஜான்' என்ற பெயரைக் கொண்டுவந்தால் இருவரும் ஒரே ஆளாக முடியாது. பெயருக்குக் கீழே பெயர் வருவதை மொழிகள் சில சமயம் பொறுத்துக்கொள்கின்றன. சுட்டுப்பெயருக்குக் கீழே பெயர் வந்தால் விடுவதில்லை. நம் ஆவணங்களிலும் 'மனுதாரர் மனுதாரரை' உண்டு. 'அவர், எதிர்மனுதாரர் மனுதாரரை ஏமாற்றியதாகக் கூறுகிறார்' என்று எழுதினால், கூறுகிறவர் மூன்றாவது ஆள் ஒருவர் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.